வலிக்கும் புண்ணா, வலிக்காத திட்டா: புகைப்பவரும் புகையிலை போடுபவரும் எதற்கு முதலில் அஞ்ச வேண்டும்?

பாளையங்கோட்டையில் பல் மருத்துவம் பார்த்து வரும் எனக்கு, ஒரே வாயில் இரண்டு அடையாளங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பைத் தந்தவர், சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து வந்த 52 வயது விவசாயி ஒருவர். முப்பது ஆண்டுகளாக நாளுக்கு ஒரு கட்டு பீடி குடித்து வந்தவர். இடது கன்னத்தின் உட்புறத்தில் புண் வந்து நான்கு நாட்களாகச் சோறு இறங்கவில்லை என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தார். பார்த்தபோது, மஞ்சள் படிந்த நடுப்பகுதியும் சுற்றிலும் சிவந்த கரையுமாக, ஒரு துவரம்பருப்பைவிடச் சற்றுப் பெரிய புண் இருந்தது. அதற்கு நேரே கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து கத்தி முனைபோல் நீட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் புண்ணோடு நான் நிறுத்தியிருந்தால் பெரிய தவறு நேர்ந்திருக்கும். நாக்கின் நுனியைத் துணியால் பிடித்து இடப்பக்கம் இழுத்துப் பார்த்தபோது, நாக்கின் வலது ஓரத்தின் அடிப்பகுதியில், வெல்வெட் துணியை ஒட்டியது போன்ற செக்கச்சிவந்த சிறு திட்டு ஒன்று தெரிந்தது. ஆறு மில்லிமீட்டர்தான் இருக்கும். புண் என்று சொல்லும்படி தோல் உரியவில்லை, வீக்கமும் இல்லை. எப்போது வந்தது என்று கேட்டேன். அவருக்கு அது இருப்பதே தெரியவில்லை. “அது வலிக்கவே இல்லியே சார், வலிக்குத இடத்த விட்டுட்டு அதப் போயி ஏன் பாக்குதிய?” என்று கேட்டார்.

அவருடைய கேள்வி நியாயமானது. ஆனால் வாயைப் பொறுத்தவரை வலி ஒரு மோசமான வழிகாட்டி. பல் உரசியதால் வரும் புண்ணிலும், மன உளைச்சலாலோ சத்துக் குறைவாலோ வரும் சாதாரண வாய்ப்புண்ணிலும் மேல்தோல் உரிந்து நரம்பு நுனிகள் திறந்து கிடக்கின்றன. ஆகவே மிளகாய் பட்டாலும் உப்புப் பட்டாலும் எரிகிறது. புற்று தொடங்கும் இடத்திலோ மேல்தோலின் செல்கள் ஒழுங்கு கெட்டுப் பெருகத் தொடங்கியிருக்குமே தவிர, அந்தக் கட்டத்தில் நரம்பைத் தொட்டிருக்காது. அது வலிக்கத் தொடங்கும்போது பெரும்பாலும் ஆழத்துக்கு இறங்கிவிட்டிருக்கும்.

இரண்டையும் பிரித்துக் காட்டுபவை காலமும் தொடு உணர்வும். அவருடைய உடைந்த பல்லின் முனையை அன்றே தேய்த்து மழுக்கினேன். அவரை ஊருக்கு அனுப்பும் முன், பதினான்காம் நாள் திரும்பி வர வேண்டும் என்று அவருடைய மகனிடமும் சொல்லி அனுப்பினேன். காரணம் நீங்கிவிட்டால் உரசல் புண்ணும், தானாகவே சாதாரண வாய்ப்புண்ணும், ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் ஆறிவிட வேண்டும். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணுக்கு, அது எவ்வளவு சிறியதாயினும், சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி தேவை. தொடு உணர்வு என்பது, கையை நன்றாகக் கழுவி விரலால் தடவிப் பார்ப்பது. சாதாரணப் புண்ணின் கரை உதட்டின் உட்புறம்போல் மெத்தென்று இருக்கும். சந்தேகத்துக்குரியதன் கரையோ அடிப்பாகமோ காதுமடலின் குருத்தெலும்பைப்போல் விறைப்பாக இருக்கும். விறைப்பு தெரிந்துவிட்டால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியதும் இல்லை.

பதினான்காம் நாள் அவர் வந்தபோது, கன்னத்துப் புண் இருந்த இடத்தில் வெளிறிய தழும்பு மட்டுமே இருந்தது. சிவப்புத் திட்டு அப்படியே இருந்தது.

சிவப்பை வெள்ளையோடு ஒப்பிட்டுச் சொன்னால்தான் அதன் கனம் விளங்கும். புகையும் புகையிலையும் படும் இடத்தில் மேல்தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடிக்கிறது. உள்ளங்கையில் காய்ப்புக் காய்ப்பது போன்ற அந்தத் தடிப்பு, எச்சிலில் ஊறி வெள்ளையாகத் தெரிகிறது. வெள்ளைத் திட்டுகளில் பெரும்பாலானவை கடைசிவரை புற்றாக மாறுவதில்லை. சிவப்புத் திட்டில் நடப்பது இதற்கு நேர்மாறு: மேல்தோல் முறையாக முதிராமல் மெலிந்துபோகிறது, அடியிலுள்ள இரத்த நாளங்கள் அதன் வழியே தெரிகின்றன. காரணம் எதுவும் புலப்படாத இத்தகைய சிவப்புத் திட்டில் சதை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் கடுமையான செல் மாற்றமோ தொடக்கநிலைப் புற்றோ காணப்படுகிறது. வெள்ளையும் சிவப்பும் கலந்து புள்ளி புள்ளியாக, மேடு பள்ளமாக இருப்பதையும் சிவப்பின் வரிசையிலேயே வைக்க வேண்டும். ஆகவே வெள்ளைத் திட்டுக்கு அந்த வாரத்துக்குள், சிவப்புக்கு மறுநாளே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதே என் கணக்கு.

வெள்ளையிலும் எல்லாம் ஒன்றல்ல. ஈரத் துணியால் துடைத்தால் வந்துவிடும் வெள்ளை பெரும்பாலும் பூஞ்சையாக இருக்கும். மாத்திரைக்கும் சொட்டு மருந்துக்கும் அது போய்விடும். துடைத்தும் வராதது வேறு வகை. எங்கள் பகுதி ஆச்சிமார், வெற்றிலையோடு புகையிலைத் துண்டைக் கீழ்க் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள குழியில் அதக்கி வைத்துக்கொண்டே வேலை முழுவதையும் பார்த்துவிடுவார்கள். சரியாக அந்த இடத்தில், சுருங்கிய துணிபோல் சாம்பல் கலந்த வெள்ளை மடிப்பு விழுந்திருக்கும். புகையிலையை அடியோடு நிறுத்தினால் இது பெரும்பாலும் சில வாரங்களில் மெலிந்து மறைந்துவிடுகிறது. மறையாமல் நின்றாலோ, தடித்து வெடித்தாலோ, நடுவில் சிவப்புத் தெரிந்தாலோ அதிலும் சதை எடுத்துப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படும் வாய்ப்புற்று, கன்னமும் ஈறும் சேரும் இந்தக் குழியில்தான் தொடங்குகிறது என்பதால், அங்கு வரும் எந்த மாற்றத்தையும் “புகையிலைக் காய்ப்பு” என்று பேர் சொல்லி ஒதுக்கிவிட எனக்கு மனம் வராது.

பீடி, சிகரெட் குடிப்பவருக்கு இடம் மாறுகிறது. மேலண்ணம் வெளுத்து, அதில் சிவந்த குத்துப்புள்ளிகள் தெரிவதைக் கண்டு பலரும் பயந்து வருகிறார்கள்; சூட்டாலும் புகையாலும் அங்குள்ள எச்சில் சுரப்பிகளின் வாய்கள் வீங்குவதால் வருவது அது. நம் பக்கத்து வழக்கப்படி புகைப்பவருக்கு அது பெரும்பாலும் ஆபத்தாக மாறுவதில்லை. புகையை நிறுத்தினால் போய்விடுகிறது. அவர்கள் உண்மையில் தேட வேண்டிய இடங்கள் நாக்கின் இரு ஓரங்களும் நாக்குக்கு அடியிலுள்ள தரையும். கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்தால் மட்டும் அவை தெரிவதில்லை. நாக்கைத் துணியால் பிடித்து ஒவ்வொரு பக்கமும் இழுக்க வேண்டும், பிறகு நுனியை அண்ணத்தில் ஒட்ட வேண்டும். வெற்றிலை போடுபவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வெற்றிலைச் சிவப்பு உண்மையான சிவப்பை மறைத்துவிடும். காலையில், முதல் வெற்றிலை போடும் முன், பல் துலக்கி நன்றாகக் கொப்பளித்த பிறகு, வெளிச்சத்தில் நின்று, கரண்டிக் காம்பால் கன்னத்தை விலக்கிப் பார்ப்பதே சரியான முறை. பல்செட் வைத்திருப்பவர் அதைக் கழற்றிவிட வேண்டும்.

திட்டும் இல்லை, புண்ணும் இல்லை, ஆனாலும் அஞ்ச வேண்டிய மற்றொரு அடையாளம் பாக்கினால் வருகிறது. நான் புகையிலை தொடுவதே இல்லை, வெறும் பாக்குதான் என்று சொல்லும் இளைஞர்களே இதில் அதிகம். புகையிலை சேராத பாக்கும் மனிதருக்குப் புற்று உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இலேயே வகைப்படுத்திவிட்டது. முதலில் தெரிவது எரிச்சல்தான். சொதிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் சொதி இறங்கும், கூட வைத்த இஞ்சித் துவையலைத் தொட முடியாது. பிறகு கன்னத்தின் உட்புறம் வெளிறிப் பளிங்குபோல் ஆகி, தடவினால் நாண் நாணாக இழுபடும். வாய் திறப்பது மெல்லக் குறையும். தன் கையின் நடு மூன்று விரல்களை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு இடையே நுழைத்துப் பார்ப்பது எளிய சோதனை. மூன்றும் நுழைந்தால் பெரும்பாலும் குறையில்லை. இரண்டோடு நின்றால் நாளைத் தள்ளக் கூடாது. திட்டுகளுக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பழக்கத்தை விட்டால் வெள்ளை மடிப்பு மறையலாம். இந்த இறுக்கம் பாக்கை விட்ட பின்னும் முழுதாகத் திரும்புவதில்லை, மேலும் இறுகாமல் நிறுத்தலாம், பயிற்சியாலும் ஊசியாலும் ஓரளவு தளர்த்தலாம். அந்த வாயில் பின்னாளில் புற்று வரும் வாய்ப்பும் தொடர்ந்து இருப்பதால், விட்டவரையும் ஆண்டுக் கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

ஆடும் பல், மரத்துப்போன உதடு, காதுக்குள் குத்தும் வலி, கழுத்தில் நெறிக்கட்டி ஆகியவற்றைத் தொடக்க அடையாளங்களாக நான் எண்ணுவதில்லை. அவை வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதோடு அதை முடித்துக்கொள்ளலாம்.

எங்கு போவது என்பதிலும் இரண்டு வழிகள் போட்டியிடுகின்றன. பெரும்பாலோர் முதலில் எடுப்பது மருந்துக்கடை வழி: பி காம்ப்ளக்ஸ் மாத்திரை ஓர் அட்டையும், தடவுவதற்கு ஒரு ஜெல்லும். சாதாரணப் புண்ணுக்கு அது போதும் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் மரக்கச் செய்யும் ஜெல் வலியை மட்டும் எடுக்கிறது. ஸ்டீராய்டு கலந்தது சிவப்பைச் சில நாள் வெளிறச் செய்கிறது. குணம் தெரிகிறதே என்று அடுத்த அட்டை வாங்கப்படுகிறது, இரண்டு வாரம் மூன்று மாதமாகிறது. மற்றொரு வழி, பல் மருத்துவரையோ, பாளையங்கோட்டை ஐகிரவுண்டிலுள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ நேரே நாடுவது.

இந்த வழியைப் பலர் தவிர்ப்பதற்குக் காரணம் பயாப்ஸி மீதுள்ள அச்சம். கத்தி பட்டால் புற்று பரவிவிடும் என்ற பேச்சு ஊர்தோறும் இருக்கிறது. சேரன்மகாதேவி அண்ணாச்சியும் அதைத்தான் கேட்டார். நடந்தது என்னவென்றால், பல் பிடுங்கப் போடும் அதே மரப்பு ஊசி ஒன்று, திட்டின் ஓரத்தில் உளுந்தளவு சதை, ஒரு தையல்; எழுந்து பேருந்தில் ஊருக்குப் போனார். புற்றைப் பரப்புவது இந்தச் சிறு வெட்டு அல்ல, அதை எடுக்காமல் தள்ளிப்போடும் மாதங்களே.

ஒரு வாரத்தில் அறிக்கை வந்தது: மேல்தோலில் கடுமையான செல் மாற்றம், அடித்தளத்தைக் கடந்து இன்னும் இறங்கவில்லை. சுற்றிலும் சிறிது நல்ல சதையோடு சேர்த்து அந்தத் திட்டை அறுவை மருத்துவர் அகற்றினார். கதிர்வீச்சோ வேறு சிகிச்சையோ தேவைப்படவில்லை, பேச்சும் கெடவில்லை. ஆனால் முப்பது ஆண்டுப் புகை ஓரிடத்தில் மட்டும் பட்டதல்ல என்பதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாய் முழுவதையும் பார்க்க வரச் சொல்லியிருக்கிறோம். சென்ற முறை வந்தபோது, நான் கேட்கும் முன்னரே கைக்குட்டையை எடுத்து நாக்கைத் தானே பிடித்து இழுத்துக் காட்டினார். இடது ஓரத்தில் புதிதாக ஒரு சிறு வெள்ளை தெரிந்தது, அதற்கும் பதினான்கு நாள் குறித்துக் கொடுத்திருக்கிறேன்.