கடைசி வரை கடனுக்கே சரக்கு எடுத்த நிறுவனம்: பிரிட்டனில் உணவகங்களுக்குச் சரக்கு கொடுப்பவர்கள் கவனத்துக்கு

லண்டனில் உணவகங்களுக்குக் கடனுக்குக் காய்கறி கொடுக்கும் நம்மவர்கள் ஏராளம். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். மூன்று கிளைகளும் ஒரு பொதுச் சமையற்கூடமும் வைத்திருந்த ஓர் உணவக நிறுவனம் எங்களுக்கு 18,640 பவுண்டு பாக்கி வைத்துவிட்டுக் கலைப்புக்குப் போனது. தேறாது என்று தெரிந்தும் நிறுவனத்தை நடத்திய இயக்குநர்கள் மேல் பிரிட்டன் சட்டம் பாயும், போன பணம் திரும்பி வரும் என்று பலரும் ஆறுதல் சொன்னார்கள். சட்டம் பாய்ந்தது உண்மைதான். பணம் மட்டும் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை ஒவ்வொரு சரக்குக்காரரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முப்பது நாள் தவணை என்பதுதான் பேச்சு. முதல் இரண்டு ஆண்டுகள் பில்லுக்குப் பில் சரியாகப் பணம் வந்தது. பிறகு பில் தொகைக்குப் பதிலாக 1,000, 1,500 என்று முழுத் தொகைகளாக வரத் தொடங்கின. எந்தப் பில்லுக்கு எவ்வளவு என்று எங்கள் கணக்கில் பொருத்தவே முடியவில்லை. ஒரு நிறுவனத்தில் அன்றாடக் கையிருப்பைப் பார்த்துப் பணம் பங்கிடுகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. இன்னொன்றும் நடந்தது. பணம் குறையக் குறைய ஆர்டர் கூடியது. கறிவேப்பிலை, சின்ன வெங்காயம், முருங்கைக்காய் எல்லாம் வழக்கத்தைவிட இரு மடங்கு கேட்டார்கள். வேறு இரண்டு காய்கறிக்காரர்கள் அவர்களுக்குச் சரக்கை நிறுத்திவிட்டார்கள் என்பது பின்னால்தான் வெளியே வந்தது.

“அண்ணா, வெள்ளிக்கிழமை கட்டாயம் பணம் போட்டுவிடுகிறேன், சனிக்கிழமை கல்யாண ஆர்டர் இருக்கிறது, சரக்கை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்” என்று இயக்குநர் எழுதிய செய்தி இன்னும் என் தொலைபேசியில் இருக்கிறது. அதை அவர் எழுதிய வாரத்தில்தான் கலைப்பு பற்றி ஆலோசனை கேட்கப் போயிருக்கிறார். நிறுவனத்தை மூடிச் சொத்தை விற்றுக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடும் கலைப்பாளரின் முதல் அறிக்கையில் அந்தத் தேதி இருக்கிறது.

அந்த அறிக்கையோடு நிறுவனத்தின் சொத்தும் கடனும் அடங்கிய பட்டியல் வரும். கடன் கொடுத்தவர்களின் பெயரும் தொகையும் வரிசையாக இருக்கும். அதை நான் பலமுறை படித்தேன். வரித்துறைக்கு வாட் வரியும் ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரியுமாகப் பெருந்தொகை நிலுவையில் இருந்தது. சரக்குக் கடன்களில் எனக்குத் தெரிந்த பழைய பெரிய சரக்குக்காரர்கள் அநேகமாக இல்லை, இருந்தவர்களுக்கும் சில நூறு பவுண்டுதான். பெரிய தொகைகள் எல்லாம் கடைசி ஆறு மாதத்தில் சரக்கு கொடுத்தவர்களுக்கு: நாங்கள், பொதிப் பெட்டிகள் கொடுத்தவர், எரிவாயு நிறுவனம். எங்கள் காய்கறியைச் சமைத்து விற்ற காசில் பழைய கடன்காரர்களுக்குக் கொடுத்து முடித்திருக்கிறார்கள் என்பது அந்த இரண்டு பக்கத்திலேயே தெரிந்தது.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். 1986ஆம் ஆண்டின் திவால் சட்டம், 214ஆம் பிரிவு. நிறுவனம் கடனோடு கலைப்புக்குப் போவதைத் தவிர்க்க நியாயமான வாய்ப்பு இல்லை என்று இயக்குநருக்குத் தெரிந்திருந்தால், அல்லது தெரிந்திருக்க வேண்டும் என்றால், அந்த நாளிலிருந்து கடன் கொடுத்தவர்களின் இழப்பைக் குறைக்க அவர் எடுக்கக்கூடிய நடவடிக்கை அத்தனையும் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை என்றால் நிறுவனத்தின் சொத்துக்கு அவர் கைக்காசிலிருந்து தொகை கட்ட நீதிமன்றம் உத்தரவிடலாம். ஏமாற்றும் எண்ணம் இருந்ததாக நிரூபிக்கத் தேவையில்லை. நட்டத்தில் நடத்துவது மட்டுமே குற்றமும் ஆகாது. மீட்க உண்மையான வழி இருந்து முயன்றவரை இந்தப் பிரிவு தொடுவதில்லை, அது நியாயம்தான்.

இந்தப் பிரிவில் வந்த முதல் பெரிய தீர்ப்பே பழம் இறக்குமதி செய்த ஒரு நிறுவனத்தைப் பற்றியது. பிரொடியூஸ் மார்க்கெட்டிங் கன்சார்டியம் என்பது அதன் பெயர், தீர்ப்பு வந்தது 1989இல். ஆண்டுக் கணக்குகள் தாமதமாகி 1987 ஜனவரியில்தான் கைக்கு வந்தன, அதற்கு முன் நிலைமை எங்களுக்குத் தெரியாது என்று இயக்குநர்கள் வாதிட்டார்கள். நீதிபதி அதை ஏற்கவில்லை. கணக்கை உரிய காலத்தில் முடித்திருந்தால் என்ன தெரிந்திருக்குமோ அதுவும் தெரிந்ததாகவே கொள்ளப்படும் என்றார். 1986 ஜூலை முடிவிலேயே அவர்கள் உணர்ந்திருக்க வேண்டும் என்று கூறி 75,000 பவுண்டு கட்டச் சொன்னார்.

இதைப் படித்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது. ஆனால் 214ஆம் பிரிவில் வழக்குப் போடும் உரிமை சரக்கு கொடுத்தவருக்கு இல்லை. அது கலைப்பாளருடையது. நிறுவனத்தை மீட்க முடியுமா என்று பார்க்க நியமிக்கப்படும் நிர்வாகியின் பொறுப்பில் அது இருந்தால் அவருடையது, அல்லது அவர்களிடமிருந்து அந்த உரிமையை விலைக்கு வாங்கியவருடையது. சரி, கலைப்பாளரையே போடச் சொல்லலாம் என்று போனேன். அவர் கணக்குப் போட்டுக் காட்டினார்.

மார்ச் முடிவில் இவர்களுக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்குச் சொத்தைவிடக் கடன் 5 லட்சத்து 20 ஆயிரம் பவுண்டு அதிகம். செப்டம்பரில் கலைப்பு அன்று அந்தப் பற்றாக்குறை 5 லட்சத்து 31 ஆயிரம். இடைப்பட்ட ஆறு மாதத்தில் எங்களைப் போன்றவர்களுக்குப் புதிதாக ஏறிய கடன் ஒரு லட்சத்துக்கு மேல். அதே அளவுக்குப் பழைய கடன் அடைபட்டிருக்கிறது. ஆக மொத்தப் பற்றாக்குறை கூடியது 11,000 தான். நீதிமன்றம் இயக்குநரிடம் கேட்பது பொதுவாக இந்த வித்தியாசத்தைத்தான். 11,000 பவுண்டுக்காக வழக்கு நடத்தினால் வழக்கறிஞர் செலவே அதைத் தாண்டிவிடும் என்றார்.

அவர் தட்டிக்கழிக்கிறாரோ என்று சந்தேகப்பட்டேன். பிறகு 2016இல் வந்த ரால்ஸ் பில்டர்ஸ் வழக்கின் தீர்ப்பைப் பற்றி ஒரு வழக்கறிஞர் விளக்கினார். அது ஒரு கட்டட நிறுவனம். 2010 ஆகஸ்ட் முடிவிலேயே கலைப்பு தவிர்க்க முடியாதது என்று இயக்குநர்கள் உணர்ந்திருக்க வேண்டும் என்று நீதிபதி சொன்னார். அதற்குப் பிறகும் அக்டோபர் வரை நடத்தினார்கள். அந்தக் காலத்தில் புதிதாகக் கடன் கொடுத்தவர்கள் நட்டப்பட்டார்கள், பழையவர்கள் லாபப்பட்டார்கள் என்பதும் நீதிமன்றத்துக்குத் தெரிந்தது. ஆனாலும் எல்லாக் கடன்காரர்களையும் சேர்த்துப் பார்த்தால் நிலைமை மோசமாகவில்லை என்பதால் இயக்குநர்கள் எதுவும் கட்டவேண்டியதில்லை என்று முடிந்தது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. கடைசியாக வந்தவன் பணத்தில் முதலில் வந்தவன் கடன் தீர்வதைக் கூட்டல் கழித்தல் சரியாகிவிட்டது என்று விடுவது, அந்தக் கடைசி ஆளுக்குச் செய்யும் அநீதி என்றே இன்றும் நினைக்கிறேன்.

எங்கள் பில்லில் ‘பணம் முழுதும் கட்டும்வரை சரக்கு எங்களுடையதே’ என்று ஒரு வரி உண்டு. இரும்பும் மரச்சாமானும் விற்பவருக்கு அது உதவும். சாம்பாரில் போன முருங்கைக்காயை யாரும் திருப்பி எடுக்க முடியாது.

ஆனால் இன்னொரு சட்டம் இருக்கிறது. அதே 1986ஆம் ஆண்டின் இயக்குநர் தகுதிநீக்கச் சட்டம். திவாலான நிறுவனத்தை நடத்தியவர் நிர்வாகத்துக்குத் தகுதியற்றவர் என்று கண்டால் 2 முதல் 15 ஆண்டுகள் வரை எந்த நிறுவனத்துக்கும் இயக்குநராக இருக்கக்கூடாது என்று தடை விதிக்கலாம். செவனோக்ஸ் ஸ்டேஷனர்ஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது எங்கள் விவகாரத்துக்கு அப்படியே பொருந்தியது: நெருக்கிப் பிடிக்கும் கடன்காரருக்கு மட்டும் கொடுத்துவிட்டு, நெருக்காதவர்களின் பணத்தை வைத்துத் தொழிலை ஓட்டுவது தகுதியின்மை. அந்த வழக்கில் விதித்த தடை 5 ஆண்டு. இங்கே மொத்தப் பற்றாக்குறை கூடியதா என்ற கேள்விக்கு வேலையில்லை. நடத்தைதான் கேள்வி.

கலைப்பாளர் ஒவ்வோர் இயக்குநரின் நடத்தையையும் பற்றி மூன்று மாதத்துக்குள் அரசின் திவால் சேவைத் துறைக்கு அறிக்கை அனுப்பியாக வேண்டும். சரக்கு கொடுத்தவர் செய்யக்கூடியது இந்த மூன்று மாதத்தில்தான் இருக்கிறது. நான் கோபத்தைக் கொட்டிக் கடிதம் எழுதவில்லை. தேதிவாரியாக ஒரு பக்கம் தயாரித்தேன்: எந்த நாளில் எவ்வளவு ஆர்டர், எந்த நாளில் என்ன வாக்குறுதி, எவ்வளவு பணம் வந்தது. ஒவ்வொரு வரிக்கும் கையொப்பமிட்ட சரக்குச் சீட்டையோ தொலைபேசிச் செய்தியின் படத்தையோ இணைத்தேன். பொதிப் பெட்டிக்காரரும் அதே மாதிரி ஒன்று அனுப்பினார். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், ஒரே வெள்ளிக்கிழமையை இருவருக்கும் வாக்களித்திருப்பது தெரியும். நிறுவனம் விழுவதற்கு ஐந்து மாதம் முன்பு இயக்குநரின் மைத்துனர் கொடுத்த கடன் முழுதாகத் தீர்க்கப்பட்டதையும் குறிப்பிட்டேன். நெருங்கிய உறவினருக்கு இப்படிக் காட்டிய முன்னுரிமையை இரண்டு ஆண்டு பின்னோக்கிக் கலைப்பாளர் கிளறலாம். அதில் ஒரு பகுதி திரும்பி வந்தது. அது கலைப்புச் செலவுக்கும் எல்லோருக்குமான பங்குக்கும் போனதில், எனக்கு வந்தது ஒரு பவுண்டுக்கு மூன்று பென்ஸ்.

இயக்குநர் நீதிமன்றம் வரை போகாமல் 5 ஆண்டுத் தடைக்குத் தானே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார். கம்பனீஸ் ஹவுஸ் இணையதளத்தில் தகுதிநீக்கப்பட்டவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது, யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். தடை வந்த இரண்டு ஆண்டுக்குள் இழப்பீடு கேட்டு அரசு வழக்குப் போடவும் 2015 முதல் வழி உண்டு. அந்த இழப்பீட்டைக் குறிப்பிட்ட கடன்காரருக்கே கொடுக்கச் சொல்லலாம் என்பதுதான் 214ஆம் பிரிவிலிருந்து இதற்குள்ள பெரிய வேறுபாடு. 2019இல் ஒரு ஒயின் நிறுவனத்தின் இயக்குநர்மேல் முதல் உத்தரவு வந்தது, ஏறத்தாழ 5,59,000 பவுண்டு. ஆனால் இது அரிதாகவே பயன்படுகிறது. கேட்டு எழுதியிருக்கிறேன், இதுவரை அசைவில்லை.

இப்போது அதே சமையற்கூடத்தில் அவர் மனைவி பெயரில் வேறொரு நிறுவனம் ஓடுகிறது. புதிய பெயர் பழைய பெயரை ஒத்திருக்கிறது. கலைப்புக்குப் போன நிறுவனத்தின் பெயரையோ அதை ஒத்த பெயரையோ பயன்படுத்தும் நிறுவனத்தின் நிர்வாகத்தில் அதன் இயக்குநர் ஐந்து ஆண்டுக்குப் பங்கெடுக்கக்கூடாது, சில விதிவிலக்குகள் நீங்கலாக. தடை உள்ளவர் மறைமுகமாக நிர்வாகம் செய்தாலும் குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறை. மீறினால் புதிய நிறுவனத்தின் கடனுக்கு அவரே சொந்தமாகப் பொறுப்பு, அதைச் சரக்கு கொடுத்தவரே நேரடியாக வழக்குப் போட்டுக் கேட்கலாம். ஆகவே அங்கே சரக்கு கொடுப்பவர் யாராவது இதைப் படித்தால், ஆர்டர் சொல்வது யார், விலை பேசுவது யார், பணத்துக்குத் தவணை கேட்பது யார் என்று தேதியோடு எழுதி வையுங்கள். அவர் குரல் செய்தி அனுப்பினால் அழிக்காதீர்கள்.