இருட்டில் எடுத்த வீடியோ: டெம்போரலா, ஸ்பேஷியலா?

குறைந்த வெளிச்சத்தில் எடுத்த காட்சியில் நாய்ஸைக் குறைக்க எந்த மென்பொருளைத் திறந்தாலும், அடியில் இருப்பவை இரண்டே வழிகள்தான். ஒன்று ஸ்பேஷியல்: ஒரு ஃப்ரேமுக்குள்ளேயே பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களை ஒப்பிட்டு மழுப்புவது. இன்னொன்று டெம்போரல்: முன்னும் பின்னும் உள்ள ஃப்ரேம்களைச் சேர்த்துச் சராசரி எடுப்பது. ஸ்பேஷியல் வேகமானது, எந்தக் காட்சியிலும் ஓடும். டெம்போரல் கம்ப்யூட்டரைத் திணறடிக்கும். என் ஓட்டு டெம்போரலுக்கு. அதற்குக் காரணம் ஒன்றே ஒன்று, முகம்.

அண்மையில் முடித்த ஆவணப்பட வேலையில் ஒரு ஷாட். மேசை விளக்கு ஒன்றுதான் வெளிச்சம். வயதான பெண்மணி ஒருவர் புத்தகம் படிக்கிறார். கேமரா ஸ்டாண்டில் நிற்கிறது. 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50, ஐஎஸ்ஓ 6400, 8 பிட். சுவரில் பச்சையும் ஊதாவுமாகத் திட்டுகள், முகத்தின் நிழல் பக்கத்தில் பொடிப்பொடியாக நாய்ஸ். முதலில் ஸ்பேஷியலை மட்டும் கொஞ்சம் தாராளமாகவே வைத்துப் பார்த்தேன். சுவர் பளிச்சென்று ஆகிவிட்டது. ஆனால் கண் இமையும் மூக்கின் ஓரமும் கூர்மையாக நிற்க, கன்னம் மட்டும் வழுவழுவென்று மெழுகு பொம்மை மாதிரி ஆகிப்போனது.

இது ஏன் நடக்கிறது என்றால், தோலின் துளைகளும் மெல்லிய சுருக்கங்களும் அக்கம்பக்கத்திலிருந்து வெளிச்சத்தில் மிகக் கொஞ்சமே வேறுபடுகின்றன. ஐஎஸ்ஓ 6400-இல் நாய்ஸின் ஏற்ற இறக்கமும் ஏறக்குறைய அதே அளவுதான். ஒரே ஒரு ஃப்ரேமை வைத்துக்கொண்டு எது சுருக்கம், எது நாய்ஸ் என்று ஃபில்டரால் பிரிக்க முடியாது. இரண்டையும் சேர்த்தே வழித்துவிடும். இமை, உதடு போன்ற பெரிய விளிம்புகளை மட்டும் அடையாளம் கண்டு காப்பாற்றும். கூர்மையான விளிம்பு, நடுவில் வெறுமை: மெழுகுத் தோற்றம் என்பது இந்தச் சேர்க்கைதான். மொத்தமாக மங்கியிருந்தால்கூட ஃபோகஸ் சரியில்லை என்று கண் விட்டுவிடும். பாதி கூர்மை, பாதி வழுவழுப்பு என்றால் விடாது.

டெம்போரலுக்கு இந்தக் குழப்பம் இல்லை. சுருக்கம் ஒவ்வொரு ஃப்ரேமிலும் அதே இடத்தில் இருக்கும், நாய்ஸ் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறும். 4 ஃப்ரேம்களைச் சராசரி எடுத்தால் நாய்ஸ் பாதியாகும். ஆனால் கால்வாசியாக்க 16 ஃப்ரேம் வேண்டும், அதனால் எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போவதில் பெரிய லாபம் கிடையாது. டாவின்சி ரிசால்வில் (நாய்ஸ் குறைப்பு காசு கொடுத்து வாங்கும் ஸ்டூடியோ பதிப்பில்தான் உண்டு) இந்த ஷாட்டுக்கு Frames 2, Motion Est. Type-இல் Better, Luma 8, Chroma 15 என்று வைத்தேன். கன்னத்தின் சுருக்கங்கள் அப்படியே நின்றன, ஸ்வெட்டரின் பின்னல்கூடத் தெரிந்தது. எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், தொடங்குவதற்கு ஓர் இடம், அவ்வளவுதான். ஒன்று மட்டும் முக்கியம்: நிழலைத் தூக்கும் கலர் வேலைக்கு முந்தைய நோடில் இதைச் செய்யுங்கள். தூக்கிய பிறகு செய்தால் நிழலில் உள்ள நாய்ஸ் மட்டும் பெருத்துப்போயிருக்கும், ஒரே அளவு எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

சரி, குறை இல்லையா என்றால், உண்டு. அந்தப் பெண்மணி பக்கத்தைப் புரட்டும்போது கை நகர்கிறது. நகரும் பிக்சல்களை மென்பொருள் சராசரியில் சேர்க்காமல் விட்டுவிடுவதால் சுவர் சுத்தமாகவும் கை பொடிப்பொடியாகவும் இருக்கும். அதையும் துடைக்கலாமே என்று Motion அளவை ஏற்றினால் விரல்களுக்குப் பின்னால் ஆவி மாதிரி ஒரு வால் கிளம்பும். வாலைவிட நாய்ஸ் தேவலை. நகரும் கை எப்படியும் கொஞ்சம் மங்கலாகத்தான் பதிவாகியிருக்கும், அதன் மேல் உள்ள நாய்ஸை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

நிறத்துக்கு மட்டும் ஸ்பேஷியலைத் தயங்காமல் பயன்படுத்துகிறேன். 4:2:0 பதிவில் நிறம் குறுக்கிலும் நெடுக்கிலும் பாதித் துல்லியத்தில்தான் சேமிக்கப்படுகிறது. அங்கே இழப்பதற்கு நுணுக்கம் அதிகம் இல்லை. ஸ்பேஷியல் பகுதியில் Luma-வையும் Chroma-வையும் பிணைக்கும் பூட்டை எடுத்துவிட்டு, Luma-வைப் பூஜ்யத்திலும் Chroma-வை 12 வாக்கிலும் வைத்தேன். பச்சை, ஊதாத் திட்டுகள் அடங்கின. இதையும் அளவு மீறி ஏற்றினால் உதட்டின் சிவப்பு தோலுக்குள் கசியும்.

வழித்தது நாய்ஸா நுணுக்கமா என்று கண்டுபிடிக்க, விளைவைப் பார்ப்பதைவிடக் கழித்ததைப் பார்ப்பது நல்லது. ரிசால்வில் Highlight-ஐ இயக்கி வித்தியாசத்தைக் காட்டும் முறையைத் தேர்ந்தெடுத்தால் போதும். வெளியே எடுத்த இரண்டு கோப்புகளை ஒப்பிட எஃப்எஃப்எம்பெக்:

```
ffmpeg -i asal.mov -i clean.mov -filter_complex "[0:v]format=yuv422p10[a];[1:v]format=yuv422p10[b];[a][b]blend=all_mode=grainextract" -c:v prores_ks diff.mov
```

சாம்பல் நிறப் பரப்பில் வெறும் பொடி தெரிந்தால் நல்லது. முகத்தின் கோட்டோவியம் தெரிந்தால், அதாவது இமை மயிரோ சுருக்கமோ அடையாளம் தெரிந்தால், அத்தனையும் படத்திலிருந்து போய்விட்டது என்று அர்த்தம். என் ஸ்பேஷியல் சோதனையில் ஸ்வெட்டரின் பின்னல் முழுக்க இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்திருந்தது. அப்புறம், நிறுத்திவைத்த ஃப்ரேமை மட்டும் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். ஓடும்போதுதான் வாலும், மிச்சமிருக்கும் திட்டுகளின் நெளிவும் தெரியும்.

மெழுகான முகத்தின் மேல் செயற்கை கிரெயின் தூவினால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். மெழுகுத் தோற்றம் கொஞ்சம் மறையும், போன சுருக்கம் வராது. நான் அதற்குப் பதில் Blend அளவை 20 பக்கம் வைத்து அசல் நாய்ஸில் கொஞ்சத்தைத் திரும்ப விடுகிறேன். சுவருக்கும் கைக்கும் இருந்த வித்தியாசமும் இதில் குறைந்துவிடும். இணையத்தில் ஏற்றும்போது அங்கே நடக்கும் மறுசுருக்கம் மெல்லிய கிரெயினைத் தின்றுவிடும் என்பதால், இதற்கு மேல் மெனக்கெடுவதில் பயன் குறைவு.

டெம்போரல் கைவிடும் இடங்களும் இருக்கின்றன. கையில் பிடித்து நடந்துகொண்டே எடுத்தது, மழை, புகை, ஆடும் இலைகள் என்றால் ஒப்பிடுவதற்கு நிலையாக எதுவும் இருக்காது. இன்னொன்று, கேமராவே கடுமையாகச் சுருக்கிய பதிவு. பிட்ரேட் போதாதபோது முந்தைய ஃப்ரேமின் கட்டங்களை அப்படியே திரும்பப் பயன்படுத்துவதால் நாய்ஸும் பல ஃப்ரேம்களுக்கு உறைந்து நிற்கும். சராசரி எடுத்தாலும் அது நாய்ஸாகவே இருக்கும். அங்கெல்லாம் ஸ்பேஷியல்தான், ஆனால் முகத்தை மாஸ்க் போட்டு விலக்கிவிட்டு. ரா பதிவுகளில் நான் அதிகம் வேலை செய்ததில்லை. கோப்பைச் சுருக்குவதால் வரும் இந்தத் தொல்லை குறைவு என்பதால் டெம்போரலுக்கு இன்னும் சாதகமாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.