நீண்ட பேட்ச் ஓட்டத்தின் முன்னேற்ற வரிகள்: எந்த முறை உண்மையைக் காட்டுகிறது?

பல மணி நேரம் ஓடும் ஒரு பேட்ச் வேலையை வெளியிலிருந்து கவனிப்பவருக்கு இரண்டே கேள்விகள்தான் இருக்கும்: அது இன்னும் நகர்கிறதா, நகர்ந்தால் எப்போது முடியும்? இந்த இரண்டுக்கும் விடை சொல்லும் வரிகளை எழுதப் பல வழிகள் உண்டு. எல்லாம் நன்றாக ஓடும்போது அவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு தெரியாது. வேலை தளரும்போதோ நிற்கும்போதோதான் தெரியும். ஆகவே ஒரே உதாரணத்தில் எல்லாவற்றையும் வைத்துப் பார்ப்போம்.

12,00,000 பதிவுகளைத் தரவுத்தளத்தில் ஏற்றும் வேலை 12:20-க்குத் தொடங்குகிறது. 200 பதிவுகளுக்கு ஒருமுறை கமிட் செய்கிறது. விநாடிக்கு 100 பதிவுகள் என்ற வேகத்தில் ஓடி, 14:20-க்கு 7,20,000 பதிவுகளை முடித்துவிடுகிறது. அங்கிருந்து வேகம் விநாடிக்கு 10 பதிவுகளாகக் குறைகிறது. 14:30-க்கு 7,26,000-ஐத் தொட்டதும், வேறொருவர் பிடித்து வைத்திருக்கும் பூட்டுக்காகக் காத்து அசையாமல் நின்றுவிடுகிறது.

முதல் வழி, 10,000 பதிவுகளுக்கு ஒரு வரி எழுதுவது. எழுதுவதற்கு மிக எளிது என்பதால் பெரும்பாலான ஸ்கிரிப்டுகளில் இதுதான் இருக்கும். நல்ல வேகத்தில் 100 விநாடிக்கு ஒரு வரி வரும். வேகம் பத்தில் ஒன்றானால் அடுத்த வரிக்கு 16 நிமிடம் 40 விநாடி காத்திருக்க வேண்டும். அதாவது 14:30-க்கு லாகைத் திறப்பவர் காண்பது பத்து நிமிட மௌனம். அதுவரை வேலை மெதுவாகவேனும் நகர்ந்துகொண்டுதான் இருந்தது. 14:40-க்குத் திறப்பவர் காண்பதும் மௌனமே, ஆனால் இப்போது வேலை நின்றுபோய்விட்டது. தளர்ச்சியையும் நிற்றலையும் பிரித்தறிய வேண்டிய நேரத்திலேயே இந்த முறை கைவிடுகிறது. எனவே கவனிப்பவர்களுக்காக எழுதும் லாகுக்கு இது பொருந்தாது என்பதே என் முடிவு.

இரண்டாவது வழி, எத்தனை பதிவு முடிந்தாலும் 30 விநாடிக்கு ஒரு வரி எழுதுவது. இதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒவ்வொரு பதிவுக்குப் பிறகும் கடிகாரத்தைப் பார்த்து, 30 விநாடி ஆகியிருந்தால் எழுதும்படி அதே சுழற்சிக்குள் குறிநிரலை வைத்தால், ஒரு பதிவிலேயே வேலை சிக்கிக்கொள்ளும்போது கடிகாரத்தைப் பார்க்கும் இடத்துக்கு நிரல் திரும்பி வருவதே இல்லை. எனவே வரியை எழுதுவது தனி த்ரெட்டாக இருக்க வேண்டும். அப்படிச் செய்தாலோ நேர் எதிரான ஆபத்து ஒன்று எழுகிறது: வேலை செய்யும் த்ரெட் செத்துக் கிடக்கும்போதும், எழுதும் த்ரெட் மட்டும் உயிரோடு 30 விநாடிக்கு ஒரு வரியைத் தவறாமல் தந்துகொண்டே இருக்கும். “வரி வருகிறது, எனவே வேலை நடக்கிறது” என்று நம்புபவர் ஏமாறுவார்.

இதைத் தீர்க்க, கடைசிக் கமிட் முடிந்து எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும், இதுவரை இரு கமிட்டுகளுக்கு இடையே விழுந்த மிக நீண்ட இடைவெளி எவ்வளவு என்பதையும் ஒவ்வொரு வரியிலும் சேர்க்க வேண்டும். நமது உதாரணத்தில் அந்த வரிகள் இப்படி இருக்கும்:

```
14:20:00 load done=720000/1200000 rate5m=100/s end=15:40 idle=0s maxgap=3s
14:30:00 load done=726000/1200000 rate5m=10/s end=03:40 idle=0s maxgap=21s
14:40:00 load done=726000/1200000 rate5m=0/s end=? idle=600s maxgap=21s
```

`idle` என்பது மட்டும் இருந்தால், 600 விநாடி அதிகமா இல்லையா என்பது அந்த வேலையை எழுதியவருக்குத்தான் தெரியும். பக்கத்தில் `maxgap=21s` இருப்பதால், இந்த ஓட்டத்தில் இதுவரை எந்தக் கமிட்டும் 21 விநாடிக்கு மேல் எடுக்கவில்லை என்பது யாருக்கும் தெரிகிறது. 600 விநாடி அதைப் போல ஏறத்தாழ 29 மடங்கு. `done` எண்ணிக்கையையும் கமிட் ஆன பிறகே கூட்ட வேண்டும். பதிவைப் படித்தவுடன் கூட்டினால், படிக்கும் பகுதி வரிசையை நிரப்பிக்கொண்டே போகும் வரை எண் ஏறும். ஆனால் எழுதும் பகுதி நின்றிருக்கலாம்.

இனி எஞ்சிய நேரத்துக்கு வருவோம். இங்கும் இரண்டு கணக்குகள் போட்டியிடுகின்றன. தொடக்கத்திலிருந்து உள்ள மொத்தச் சராசரியைக் கொண்டு கணக்கிட்டால், 14:20-க்கு 1 மணி 20 நிமிடம் மீதி என்று வரும். 14:30-க்கு 7,26,000 பதிவுகளை 7,800 விநாடியால் வகுத்தால் விநாடிக்கு 93 பதிவுகள். மீதி 1 மணி 25 நிமிடம். 14:40-க்கு வேலை பத்து நிமிடமாக நின்றிருந்தும் அது 1 மணி 31 நிமிடம் என்றுதான் சொல்லும். முன்பு ஓடிய இரண்டு மணி நேர நல்ல வேகம் இப்போதைய நிலையை மூடி மறைக்கிறது. கடைசி 5 நிமிடத்தின் வேகத்தைக் கொண்டு கணக்கிட்டால், 14:30-க்கே 13 மணி 10 நிமிடம் என்ற உண்மை வெளிப்படும். 14:40-க்கு வகுக்க எண்ணே இராது, அப்போது கேள்விக்குறியை எழுதுவதுதான் நேர்மை.

அண்மை வேகத்துக்கும் ஒரு குறை உண்டு: சாளரம் சிறிதாக இருந்தால் மதிப்பீடு ஒவ்வொரு வரியிலும் துள்ளும், பார்ப்பவர் அதை நம்புவதையே விட்டுவிடுவார். பைத்தானின் `tqdm` இந்த இரண்டுக்கும் நடுவே `smoothing` என்ற அளவை வைத்திருக்கிறது. 0 என்றால் மொத்தச் சராசரி, 1 என்றால் கணநேர வேகம், இயல்பாக 0.3. திரையின் முன் அமர்ந்திருப்பவருக்கு அது போதும். லாகைப் பின்னர் திறந்து பார்ப்பவருக்கு, 5 நிமிடம் என்று நீளம் தெரிந்த சாளரமே மேல் என்று நினைக்கிறேன். எந்த நேரத்தின் வேகம் இது என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியும்.

மொத்தச் சராசரியைத்தான் தர முடியும் என்ற நிலை வந்தால், எஞ்சிய நேரத்துக்குப் பதிலாக முடியும் கடிகார நேரத்தை எழுதலாம். 1:20, 1:25, 1:31 என்ற எண்களில் கண்ணில் படாத சரிவு, 15:40, 15:55, 16:11 என்று இலக்கு தள்ளிப்போகும்போது உடனே தெரியும்.

திரையில் ஒரே இடத்தில் நிரம்பும் பட்டையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. `\r` மூலம் அது தன்னையே அழித்து எழுதுவதால், கோப்புக்குள் போனால் நேரக்குறிப்பு இல்லாத ஒரே நீண்ட வரியாகக் கிடக்கும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், கோப்புக்கு எழுதும்போது வரிகள் பஃபரில் தேங்கும். பஃபர் 8,192 பைட், வரி ஏறத்தாழ 80 பைட், 30 விநாடிக்கு ஒரு வரி என்றால், சுமார் 50 நிமிடத்துக்குக் கோப்பில் எதுவும் தோன்றாது. நன்றாக ஓடும் வேலையும் நின்றதுபோலவே தெரியும். பைத்தானில் `print(line, flush=True)` என்று எழுதினாலோ, வேலையை `python -u` கொண்டு தொடங்கினாலோ இது தீரும்.

இவ்வளவு செய்தும் ஒரு எல்லை மீதம் இருக்கிறது. பதிவுகள் எல்லாம் ஏறிய பிறகு இன்டெக்ஸ் கட்டும் கட்டம் ஒன்று இருந்தால், மேலே உள்ள `end` அதை அறியாது. 12,00,000/12,00,000 என்று காட்டிவிட்டு வேலை ஒரு மணி நேரம் தொடரலாம். வரியில் `load` என்ற கட்டப் பெயர் இருப்பது அதற்காகத்தான். அது `index` என்று மாறியதும், அந்தக் கட்டத்துக்கு எண்ணத்தக்க அலகு ஏதும் இல்லையென்றால், `end` என்பதைக் காலியாக விட்டு, கட்டம் தொடங்கிய நேரத்தையும், இதற்கு முந்தைய ஓட்டத்தில் அதே கட்டம் எடுத்துக்கொண்ட நேரத்தையும் மட்டும் எழுத வேண்டும்.