குரல் ஸ்பீக்கருக்குக் கண் உண்டு என்று சொல்லி விற்றார்கள்: வாங்குவோர் கவனத்திற்கு

கிளாக்கோமாவால் பார்வை மங்கிவிட்ட என் அம்மாவுக்காக, மாத்திரை அட்டையை முன்னால் காட்டினால் பெயரைப் படித்துச் சொல்லும் என்று கடைக்காரர் உறுதியளித்ததை நம்பி, ஒரு ஸ்மார்ட் ஸ்பீக்கர் வாங்கினோம். அம்மா அட்டையை அதன் முன் நீட்டி, இது என்ன மாத்திரை என்று கேட்டார். மேலிருந்த நீல விளக்கு வளையம் சுழன்றது. கேள்வி புரியவில்லை என்று பதில் வந்தது. எத்தனை முறை திருப்பிக் காட்டியும் அதே பதில்தான். புகார் சொன்னபோது, அப்டேட் வந்ததும் சரியாகிவிடும் என்றார்கள். பெட்டியைப் பிரித்துவிட்டதால் பணத்தைத் திருப்பித் தரவும் மறுத்துவிட்டார்கள்.

அந்த அப்டேட் ஒருபோதும் வராது. எக்கோ டாட், நெஸ்ட் மினி, ஹோம்பாட் போன்ற குரல் ஸ்பீக்கர்களில் மைக்குகளும் ஒலிபெருக்கியும் உண்டே தவிர கேமரா கிடையாது. அலெக்ஸா போன்ற விழிப்புச் சொல்லைக் கேட்டதும் நம் பேச்சைப் பதிந்து இணையம் வழியே சர்வருக்கு அனுப்பி, வரும் பதிலை ஒலியாகத் தருவதுதான் அவற்றின் வேலை. ஒளியைப் படமாக்கும் சென்சாரே உள்ளே இல்லாதபோது, எந்த மென்பொருளாலும் அதற்குப் பார்வையைத் தர முடியாது. போனிலிருந்து ப்ளூடூத்தில் இணைத்தாலும் ஒலி மட்டுமே போய்ச் சேரும். போனிலுள்ள படம் ஸ்பீக்கருக்குப் போகாது.

திரை இருந்தால் கேமராவும் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம், பலர் ஏமாறும் இடம் இதுதான். 7 அங்குலத் திரையுள்ள நெஸ்ட் ஹப்பில் கேமரா இல்லை. திரைக்கு மேலே தெரியும் சிறு புள்ளி அறை வெளிச்சத்தை அளக்கும் சென்சார். அதைவிடப் பெரிய நெஸ்ட் ஹப் மேக்ஸில் கேமரா உண்டு. எக்கோ ஷோ 5-இல் லென்ஸும், அதை மூடும் தள்ளு மூடியும் இருக்கும். ஆகவே பெட்டியின் விவரப் பட்டியலில் கேமரா என்ற வரியும் மெகாபிக்சல் எண்ணும் உள்ளனவா என்று பாருங்கள். கடையில் இருக்கும் மாதிரிக் கருவியிலிருந்து வீடியோ கால் செய்து, எதிர்முனையில் உங்கள் முகம் தெரிகிறதா என்றும் சோதிக்கலாம்.

கேமரா இருப்பதாலேயே படத்தைப் புரிந்துகொள்ளும் என்றும் கொள்ள முடியாது. வீடியோ காலுக்காக மட்டும் கேமரா வைத்திருக்கும் கருவிகளும் உண்டு. எக்கோ ஷோவில், பார்வையற்றோருக்காக, கையில் பிடித்திருக்கும் பொருளைச் சொல்லும் வசதியை அமேசான் 2019-இல் முதலில் அமெரிக்காவில்தான் தந்தது; ஒரு நாட்டில் கிடைப்பது நம் ஊரில் விற்கும் கருவியிலும் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. எனவே உங்களுக்குத் தேவையான பொருளையே கடைக்குக் கொண்டுபோய்ப் படிக்கச் செய்து பாருங்கள். மறுத்தால் வாங்காதீர்கள்; படித்தால், அந்த வசதியைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

இப்போது அம்மாவுக்கு என் போனின் கேமராவில், பார்வைக் குறைபாடு உள்ளோருக்கான கூகுளின் லுக்அவுட் செயலியைக் கொண்டு அட்டையிலுள்ள ஆங்கில எழுத்தைப் படிக்க வைக்கிறேன். பளபளக்கும் அலுமினிய அட்டையில் வெளிச்சம் பட்டால் அதுவும் எழுத்தைத் தவறவிடுகிறது என்பதால், மருந்தின் பெயரை நானும் ஒருமுறை சரிபார்த்த பிறகே மாத்திரையைக் கையில் கொடுக்கிறேன்.