ஊரா, சபையா? சோழர் கால உள்ளாட்சி ப்ராஜெக்டுக்கு எதை எடுப்பது?

ஊர், சபை ரெண்டும் கிராம அவைகள். நிறையப் பேர் ரெண்டையும் ஒன்றாக்கி, சோழ நாட்டுக் கிராமம் எல்லாவற்றிலும் குடவோலை, அதாவது குடத்தில் ஓலை போட்டு ஆளைத் தேர்வது, நடந்ததாக எழுதிவிடுகிறார்கள். அப்படியில்லை.

யார் உறுப்பினர்?
ஊர்: வெள்ளான்வகை, அதாவது பிராமணரல்லாத உழவர் கிராமத்தில் நிலம் வைத்திருந்தவர்கள்.
சபை: பிரம்மதேயம், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊரின் பிராமண நில உடைமையாளர்கள்.

கல்வெட்டு என்ன சொல்கிறது?
ஊர்: நில விற்பனை, வரி, தானம் பற்றி நிறைய வரும், ‘ஊரோம்’ என்று தங்களைச் சொல்லிக்கொள்வார்கள், ஆனால் ஆளை எப்படித் தேர்ந்தார்கள் என்ற விவரம் பெரிதாகக் கிடைக்காது.
சபை: உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921 கல்வெட்டுகள் இருக்கின்றன. 30 குடும்புகள், அதாவது வார்டு மாதிரி. தேர்வாக 921 கல்வெட்டின்படி வயது 35க்கு மேல் 70க்குள், வரி கட்டும் கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு. முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் இடமில்லை!

பெயர் எழுதிய ஓலைகளைக் குடும்புவாரியாகக் கட்டிக் குடத்தில் போடுவார்கள். உள்ளே இருப்பது என்னவென்று தெரியாத சின்னப் பையன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஒரே ஓலையை எடுப்பான். வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்துத்தான் வாங்க வேண்டும், ஓலையை மாற்றிவிடக் கூடாதே.

தேர்தல் முறைதான் தலைப்பு என்றால் சபையை எடுங்கள். நிலமும் வரியும் என்றால் ஊர்தான் சரி, அப்புறம் குடவோலையை அதில் நுழைக்காதீர்கள்.