ஓகே போடும் முன் ஒரிஜினல் எத்தனை என்று பாருங்கள்: என் 4,36,800 ரூபாய் போனது அங்கேதான்

நேற்று மாலைதான் உறுதியானது. ஹாம்பர்க் போன என் சரக்கை வாங்குபவர் எடுத்துப் போய்விட்டார். பாக்கி 4,36,800 ரூபாய் வரவில்லை. கோபம் அடங்கும் முன்பே எழுதிவிடுகிறேன்.

கரூரில் சின்ன அளவில் கிச்சன் டவல் ஏற்றுமதி செய்கிறேன். வாங்குபவர்களையும் விற்பவர்களையும் இணைக்கும் ஒரு தளத்தில் கிடைத்த ஆர்டர் இது. 9,600 டவல், 64 பெட்டி, மொத்தம் 6,24,000 ரூபாய். 30 சதவீதம் முன்பணம் வந்துவிட்டது. மீதியைக் கட்டினால்தான், சரக்கை எடுக்கக் காட்ட வேண்டிய ஒரிஜினல் பில் ஆஃப் லேடிங் வங்கி வழியாக அவர் கைக்குப் போகும் என்பது பேச்சு. கப்பல் வாடகை வாங்குபவருடையது என்ற எஃப்.ஓ.பி. ஏற்பாடு என்பதால், சரக்கைக் கப்பலில் அனுப்பித் தரும் ஃபார்வர்டரை அவர்தான் சொன்னார். அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஃபார்வர்டரிடமிருந்து முதலில் வந்த பில் ஆஃப் லேடிங் டிராஃப்ட் சரியாகவே இருந்தது. சரக்கைப் பெறுபவரைக் குறிக்கும் கன்சைனி கட்டத்தில் 'டு ஆர்டர்', அதாவது நான் கையெழுத்திட்டுத் தரும் ஒரிஜினலைக் காட்டுபவருக்கே சரக்கு. வாங்குபவர் பெயர் தகவல் மட்டும் போகும் நோட்டிஃபை பார்ட்டியில், ஒரிஜினல் மூன்று. தப்பு என் பேக்கிங் லிஸ்ட்டில் இருந்தது. பெட்டிக்கு 150 டவல், நெட் 13.5 கிலோ, அட்டையும் கவரும் சேர்த்து கிராஸ் 14.5 கிலோ. 64 பெட்டிக்கு நெட் 864, கிராஸ் 928 வர வேண்டும். நான் இரண்டு இடத்திலும் 864 என்று போட்டுவிட்டேன். தூத்துக்குடி கிடங்கில் எடை போட்டபோது 928 காட்டியது. திருத்தி அனுப்பினேன்.

மாலை ஐந்தரைக்கு இரண்டாவது டிராஃப்ட் வாட்ஸப்பில் வந்தது. கூடவே ஃபார்வர்டர் ஆபீஸிலிருந்து போன். "சார், ஆறு மணிக்கு கட்-ஆஃப். வெயிட் மட்டும் மாத்தியிருக்கோம், பாத்துட்டு ஓகே போடுங்க." இரண்டு வாரமாக மரியாதையாகப் பேசிய பையன். நம்பினேன். எடையைப் பார்த்தேன், 928 இருந்தது, ஓகே போட்டேன்.

எடை மட்டும் மாறவில்லை. தலைப்பு 'சீ வேபில்' ஆகியிருந்தது. கன்சைனி கட்டத்தில் நேராக வாங்குபவர் பெயர். ஒரிஜினல் எண்ணிக்கை பூஜ்யம். சீ வேபில் என்றால் சரக்கை எடுக்க எந்தத் தாளும் காட்ட வேண்டாம். கன்சைனி தான்தான் என்று நிரூபித்தால் போதும். அதாவது, பணத்துக்கு என் கையில் இருந்த ஒரே பிடி அந்த நிமிடமே போய்விட்டது.

இது எனக்கு ஐந்து வாரம் தெரியாது. கப்பல் கிளம்பியதும் ஒரிஜினல் கேட்டேன். "திங்கட்கிழமை கூரியர்" என்றார்கள். அப்புறம் லோக்கல் சார்ஜ் கட்டினால்தான் என்றார்கள், கட்டினேன். அப்புறம் சென்னை ஆபீஸில் கையெழுத்துக்குப் போயிருக்கிறது என்றார்கள். கடைசியில் ஒருநாள், "சார், இதுக்கு ஒரிஜினலே கிடையாது, நீங்கதானே கன்ஃபர்ம் பண்ணீங்க" என்று என் வாட்ஸப் ஓகேயையே திருப்பி அனுப்பினார்கள். சரக்கு கை மாறும் வரை, அனுப்பியவரான ஷிப்பர் எழுதிக் கேட்டால் சீ வேபிலில்கூட பொதுவாக கன்சைனியை மாற்ற முடியும். முதல் வாரமே உண்மையைச் சொல்லியிருந்தால் 4,36,800 ரூபாயைக் காப்பாற்ற எனக்கு வழி இருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

தளத்தில் புகார் கொடுத்தேன். பணம் தங்கள் வழியாக வராததால் பொறுப்பில்லை என்று இரண்டு வரியில் பதில். வாங்குபவர் போனை எடுப்பதே இல்லை. வங்கியோ, ஏற்றுமதிக்காக சுங்கத்தில் பதிந்த அந்த ஷிப்பிங் பில்லுக்குப் பணம் எங்கே என்று என்னைக் கேட்கிறது. தறிக்காரர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?

ஒவ்வொரு கட்டத்தையும் விளக்கி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் கேளுங்கள். டிராஃப்ட் எத்தனை முறை திரும்பி வந்தாலும், தலைப்பு, கன்சைனி, ஒரிஜினல் எண்ணிக்கை மூன்றையும் முதலிலிருந்து பாருங்கள். பேக்கிங் லிஸ்ட்டில் பெட்டி எண்ணிக்கை, நெட், கிராஸ் மூன்றையும் தராசில் வைத்து எழுதுங்கள். அங்கே தப்பிருந்தால் கடைசி நேரத்தில் டிராஃப்டைத் திறக்க அவர்களுக்கு நீங்களே சாக்கு கொடுக்கிறீர்கள். பாக்கிப் பணம் இருக்கும்போது வாங்குபவர் சொன்ன ஃபார்வர்டர் வேண்டவே வேண்டாம். ஓகேயை வாட்ஸப்பில் போடாமல், 'மூன்று ஒரிஜினல், டு ஆர்டர், நான் எழுதித் தராமல் சரண்டர் கூடாது' என்று மெயிலில் எழுதி அனுப்புங்கள். சரண்டர் என்றால் அங்கே ஒரிஜினல் காட்டாமலே சரக்கை விடுவது. கப்பல் கிளம்பி நான்கு நாளில் ஒரிஜினல் கைக்கு வரவில்லையென்றால் போனில் கேட்டுக்கொண்டிருக்காமல் நேரே அவர்கள் ஆபீஸுக்குப் போய் நில்லுங்கள்.