ஒரே மெசேஜ், இரண்டு பழைய லேப்டாப்: அக்கா மகன் எதை வாங்கினான், ஏன்?

அக்கா மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கையில் 20,000 ரூபாய். புது லேப்டாப்புக்கு அது போதாது என்பதால் பழையதில் தேடினான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட வேண்டுமென்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும். அதற்கும் கீழே உள்ளவற்றை எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிட்டோம். கடைசியில் இரண்டு நின்றன.

முதலாவது, லெனோவோ திங்க்பேட் டி480. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் 18,500 ரூபாய். 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, ஒரு மாத டெஸ்டிங் வாரண்டி. இரண்டாவது, எச்பி எலைட்புக் 840 ஜி5. தாம்பரம் பக்கம் ஒருவர் வீட்டில் வைத்திருந்தது, 20,000 ரூபாய். 16 ஜிபி ராம், அதே 256 ஜிபி எஸ்எஸ்டி. இரண்டிலும் எட்டாம் தலைமுறை ஐ5 தான்.

அவன் முதலில் இருவருக்கும் அனுப்பியது ஒரே வரி: "அண்ணா, லேப்டாப் கண்டிஷன் எப்படி இருக்கு? பேட்டரி நல்லா நிக்குமா?" இருவரிடமிருந்தும் வந்தது ஒரே பதில்: நல்ல கண்டிஷன், எந்தப் பிரச்சினையும் இல்லை, நேரில் வந்து பாருங்கள். இருவரும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அந்தக் கேள்விக்கு வேறு பதில் வரவே வராது. ஆனால் அந்தப் பதிலை வைத்து இரண்டையும் ஒப்பிட முடியாது. பதில் ஒரு எண்ணாகவோ போட்டோவாகவோ வரும்படி கேட்டால்தான் ஒப்பிட முடியும். அதனால் நானும் அவனும் உட்கார்ந்து மெசேஜைத் திருத்தி எழுதினோம். இரண்டு பேருக்கும் எழுத்து மாறாமல் அனுப்பியது இது:

> அண்ணா, வணக்கம். நான் காலேஜ் ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். உங்க லேப்டாப்பை வாங்கலாம்னு இருக்கேன். நேர்ல வர்றதுக்கு முன்னாடி கீழே இருக்கிறதுக்கு மட்டும் பதில் சொன்னா உதவியா இருக்கும்.
>
> 1. கமாண்ட் பிராம்ப்ட்ல `powercfg /batteryreport` போட்டா ஒரு ஃபைல் வரும். அதோட முதல் பக்கத்தை மேலே இருந்து பேட்டரி விவரம் வரைக்கும் போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா?
> 2. எஸ்எஸ்டி எப்படி இருக்குன்னு காட்டுற CrystalDiskInfo சாஃப்ட்வேரைத் திறந்து அந்த ஸ்கிரீனை ஒரு போட்டோ.
> 3. இது ஏதாவது கம்பெனியில இருந்து வந்த லேப்டாப்பா? BIOS-க்கு பாஸ்வேர்ட் இருக்கா? ரீசெட் பண்ணி, வைஃபை கனெக்ட் பண்ணி, புதுசா செட்டப் பண்ணிப் பார்த்திருக்கீங்களா?
> 4. முழு வெள்ளை, முழு கறுப்பு ரெண்டு படம் ஸ்கிரீன்ல போட்டு போட்டோ. ரெசல்யூஷன் எவ்வளவு?
> 5. இதுவரைக்கும் எதையாவது மாத்தியிருக்கீங்களா, ரிப்பேர் பார்த்திருக்கீங்களா? இருந்தாலும் பரவாயில்லை, தெரிஞ்சா போதும்.
>
> எல்லாம் சரியா இருந்தா இந்த வாரமே வந்து பார்த்துட்டு கையோட பணம் கொடுத்து வாங்கிக்கறேன். நன்றி அண்ணா.

ஐந்தாவதில் "இருந்தாலும் பரவாயில்லை" என்று சேர்த்தது யோசித்துத்தான். அது இல்லாவிட்டால் விற்பவர் தற்காப்பாக "ஒண்ணும் இல்லை" என்று முடித்துவிடுவார். கடைசி வரியும் முக்கியம். விலையைக்கூடக் கேட்காமல் கேள்வியை மட்டும் அடுக்குபவர்களுக்குப் பலரும் பதில் போடுவதில்லை. பணம் தயார் என்று தெரிந்தால் பத்து நிமிடம் செலவழிப்பார்கள்.

தாம்பரத்துக்காரர் அன்று இரவே ஐந்துக்கும் பதில் அனுப்பினார். கடையிலிருந்து மறுநாள் மதியம் முதல் இரண்டுக்கு மட்டும் போட்டோ வந்தது.

முதலில் பேட்டரி. அந்த ரிப்போர்ட்டின் தலைப்பிலேயே SYSTEM PRODUCT NAME, REPORT TIME என்று இரண்டு வரிகள் இருக்கும். முழுப்பக்கம் கேட்டது அதற்காகத்தான்: வேறு லேப்டாப்பின் ரிப்போர்ட்டோ, இரண்டு வருடத்துக்கு முந்தையதோ வந்தால் அங்கேயே தெரிந்துவிடும். கடைப் போட்டோவில் LENOVO என்றும் 20L5 என்று தொடங்கும் எண்ணும் இருந்தன. அது டி480-இன் எண்தான், தேதியும் அன்றையதே. அதற்குக் கீழே DESIGN CAPACITY என்பது பேட்டரி புதிதாக இருந்தபோது பிடித்த மின்சாரம், FULL CHARGE CAPACITY என்பது இப்போது பிடிப்பது. விண்டோஸை எத்தனை முறை ரீசெட் செய்தாலும் இந்த இரண்டும் மாறாது, ஏனென்றால் அவை பேட்டரிக்குள் இருக்கும் சிப்பிலிருந்து வருகின்றன.

டி480-இல் இரண்டு பேட்டரி உண்டு: உள்ளே ஒன்று, பின்பக்கம் கழற்றி மாட்டக்கூடியது ஒன்று. நாங்கள் பார்த்ததில் இரண்டுமே 24 வாட் ஹவர். உள்ளே இருந்தது இப்போது 17 பிடிக்கிறது. வெளியே இருந்தது வெறும் 9.6 தான், அதாவது 40 சதவீதம். எத்தனை முறை சார்ஜ் ஏறித் தீர்ந்தது என்று சொல்லும் CYCLE COUNT-உம் அதற்கு உள்ளே இருந்ததைப் போல இரண்டு மடங்கு. இது கோளாறு இல்லை. அந்த லேப்டாப் முதலில் வெளி பேட்டரியைத்தான் தீர்க்கும், அதனால் அதுதான் முதலில் தேயும். ஆக மொத்தம் 48-க்கு 26.6. எழுதுவது, படிப்பது, நெட் பார்ப்பது மாதிரியான வேலைக்கு மணிக்கு 8 வாட் ஹவர் போகும் என்று வைத்தால் மூன்றேகால் மணி நேரம் வரும். காலையில் கல்லூரிக்குப் போனால் மதியத்துக்குள் சார்ஜர் தேட வேண்டியதுதான்.

எலைட்புக்கில் 50 வாட் ஹவரில் 41 மிச்சம் இருந்தது. அதே கணக்கில் ஐந்து மணி நேரம். பேட்டரியில் எச்பி தெளிவாக முன்னால் நின்றது.

எஸ்எஸ்டி போட்டோவைப் படிப்பதில் அவன் தடுமாறினான். கடை லேப்டாப்பில் Power On Hours 38 என்று இருந்தது. "மாமா, இது புதுசு மாதிரிதானே?" என்றான். இல்லை. 2018-இல் வந்த மாடல் 38 மணி நேரம்தான் ஓடியிருக்கும் என்பது நடக்காத காரியம். கடைக்காரர் பழைய எஸ்எஸ்டியைக் கழற்றிப் புதிதாக ஒன்றைப் போட்டிருக்கிறார் என்பதுதான் அதன் பொருள். தப்பில்லை, ஆனால் லேப்டாப்பின் வயதைப் பற்றி அந்த எண் ஒன்றுமே சொல்லாது. தாம்பரத்தில் 6,200 மணி நேரம், ஆரோக்கியம் 94 சதவீதம். அவர் ஐந்து வருடம் அலுவலக வேலைக்குப் பயன்படுத்தியதாகச் சொன்னார். வருடத்துக்கு 250 நாள், நாளுக்கு ஐந்து மணி நேரம் என்று போட்டால் 6,250. சொன்ன கதையும் எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்தின. எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது இந்த இடத்தில்தான்.

ஸ்கிரீனில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டும் 1920 × 1080. (டி480-ஐ 1366 × 768 ஸ்கிரீனோடும் விற்றிருக்கிறார்கள் என்பதால் கடைக்குப் போன் போட்டு இதை மட்டும் உறுதி செய்துகொண்டோம்.) எச்பியின் வெள்ளைப் படத்தில் ஓரமாக லேசான மஞ்சள், அவ்வளவுதான்.

இதுவரை எல்லாக் கணக்கிலும் எலைட்புக்தான் மேல். ராமும் இரட்டிப்பு. 1,500 ரூபாய் கூடக் கொடுத்து அதையே எடுத்துவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். நின்றது மூன்றாவது கேள்வியில்.

அவர் எழுதியிருந்தது இது: "நான் வேலை பார்த்த கம்பெனியில் விலகும்போது விலைக்குக் கொடுத்தது. பில் இருக்கு. BIOS பாஸ்வேர்ட் இல்லை. ரீசெட் பண்ணினேன், ஆனா நெட் இல்லாமல் செட்டப் பண்ணேன்."

கடைசி வாக்கியம்தான் சிக்கல். பெரிய நிறுவனங்கள் தங்கள் லேப்டாப்புகளை விண்டோஸ் ஆட்டோபைலட் என்ற முறையில் மைக்ரோசாஃப்டிடம் பதிவு செய்து வைப்பதுண்டு. அந்தப் பதிவு அந்த லேப்டாப்பின் ஹார்டுவேர் அடையாளத்தோடு ஒட்டியது. எஸ்எஸ்டியை மாற்றினாலும், விண்டோஸை அழித்துப் போட்டாலும் போகாது. புதிதாக செட்டப் செய்யும்போது நெட் இணைந்திருந்தால் நிறுவனத்தின் பெயரோடு உள்நுழைவுப் பக்கம் வந்து நிற்கும். நெட் இல்லாமல் செட்டப் செய்தால் அது வராது, லேப்டாப் சாதாரணமாக ஓடும். அடுத்த ரீசெட் வரை வாங்கியவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது.

இன்னொரு முறை ரீசெட் செய்து, மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பார்க்க முடியுமா என்று பணிவாகக் கேட்டோம். மனிதர் உடனே செய்தார். ஒரு மணி நேரத்தில் போட்டோ அனுப்பினார். பழைய நிறுவனத்தின் பெயர், அதன் கீழே அலுவலக மின்னஞ்சல் கேட்கும் பெட்டி. அவருக்கே அதிர்ச்சி. பதிவை அந்த நிறுவனத்தின் ஐடி பிரிவுதான் நீக்கித் தர வேண்டும் என்று சொன்னோம். பில்லோடு மெயில் அனுப்புகிறேன் என்றார். ஒரு வாரம் காத்திருந்தோம், பதில் வரவில்லை. செமஸ்டர் தொடங்கிவிட்டது.

கடை லேப்டாப்பும் ஏதோ ஒரு நிறுவனத்திலிருந்து கழித்து வந்ததுதான். அதனால் அதே சோதனையை ரிச்சி ஸ்ட்ரீட்டில் நேரில் செய்தோம். ஆன் செய்யும்போது F1 அழுத்தி BIOS-க்குள் போய், Security பகுதியில் Supervisor Password என்பதற்கு நேரே Disabled என்று இருப்பதைப் பார்த்தோம். திங்க்பேடில் இது போடப்பட்டிருந்து பாஸ்வேர்டும் தெரியாவிட்டால், முறைப்படி மதர்போர்டையே மாற்றச் சொல்வார்கள். அப்புறம் ரீசெட் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்து ஹாட்ஸ்பாட் கொடுத்தோம். யார் பெயரும் கேட்காமல் நேராக சாதாரண செட்டப் வந்தது.

மெசேஜில் பிடிபடாதவற்றையும் அங்கேயே பார்த்துக்கொண்டோம். இரண்டு டைப்-சி போர்ட்டிலும் மாற்றி மாற்றி சார்ஜரைச் செருகி, சற்று அசைத்தும் பார்த்தான். இரண்டிலும் சார்ஜ் ஏறியது. எல்லாக் கீயையும் ஒரு முறை தட்டினான். ஸ்கிரீனைப் பாதியில் நிறுத்தினால் தானாகச் சாயவில்லை. பேட்டரி உப்பியிருந்தால் டச்பேடு மேலே தூக்கும், அதுவும் இல்லை.

பேரம் பேச எங்களிடம் இருந்தது அந்த 9.6 என்ற எண் மட்டும்தான். கடைக்காரர் அனுப்பிய போட்டோவையே காட்டி, வெளி பேட்டரி மாற்ற வேண்டியிருக்கிறது என்றான். அவர் மறுக்க இடமில்லை. 1,000 ரூபாய் குறைத்து 17,500 என்றார். பக்கத்துக் கடையில் 24 வாட் ஹவர் பேட்டரி 2,200 ரூபாய். ஆக 19,700. உள்ளே 17, வெளியே 24, மொத்தம் 41 வாட் ஹவர்: எலைட்புக்கில் இருந்த அதே அளவு. ராம் 8 ஜிபிதான், ஆனால் அது ஒரே ஸ்டிக்காக இருந்ததால் இரண்டாவது ஸ்லாட் காலியாக இருக்கிறது. தேவைப்படும்போது போட்டுக்கொள்வான்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே ரயிலில் தாம்பரத்துக்காரருக்கு ஒரு மெசேஜ் போட்டான். வேறு லேப்டாப் வாங்கிவிட்டதாகவும், பதிவை நீக்கிக்கொடுத்த பிறகு விற்றால் அடுத்தவருக்கு ஹாட்ஸ்பாட்டில் செட்டப் செய்த போட்டோவையே முதலில் அனுப்பிவிடும்படியும். "சரி தம்பி, நீ கேக்கலைன்னா எனக்கே தெரிஞ்சிருக்காது" என்று பதில் வந்தது.